பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு, இறந்த அன்று ராத்திரியே வாங்கிய கடன்

கேள்வி: ஐயா, எனக்கு 46 வயது. சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். சிவகாசியில் அச்சகத்தில் வேலை, மாதம் 23,000 சம்பளம். அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவர் இறந்த அன்று ராத்திரியே ஊர்க்காரர் ஒருவரிடம் மூணு வட்டிக்கு 1,80,000 ரூபாய் வாங்கித்தான் கேதத்தையும் கருமாதியையும் முடித்தேன். மாதம் 5,400 வட்டி கட்டுகிறேன், அசல் அப்படியே இருக்கிறது. திருப்பூரில் இருக்கும் தம்பி "அதான் மொய் வந்துச்சே" என்கிறான். தங்கையை ராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம், அவளிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இன்னும் ஏழு மாதத்தில் தலைத்திவசம். பேங்கில் பெரிய லோனாகப் போட்டு, இந்தக் கடனை அடைத்து, மிச்சத்தில் திவசத்தையும் நல்லபடியாகச் செய்துவிடலாமா? மனைவியின் நகை 5 பவுன் இருக்கிறது, அதைத் தொட மனமில்லை. அம்மாவுக்கு 71 வயது. செலவு நோட்டு, மொய் நோட்டு இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

நோட்டு இரண்டையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முப்பது வருடம் செயலாளராக உட்கார்ந்திருந்த எனக்கு, கடிதத்தைவிட நோட்டுதான் சீக்கிரம் புரியும். உங்கள் செலவு நோட்டில் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். கோட்டுக்கு மேலே அடக்கம் நடந்த நாள், கீழே பதினாறாம் நாள்.

மேலே இருப்பவை ஃப்ரீசர் பெட்டியும் நாற்காலியும் 9,000, பூவும் பல்லக்கும் 12,000, மேளமும் வேட்டும் 18,000, மயானத்தில் வேலை பார்த்தவர்களுக்கு 7,000, வந்தவர்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாடும் டீயும் 14,000. ஆக 60,000. கீழே கருமாதிக்கு 600 இலைச் சாப்பாடு 78,000, பந்தலும் மைக்கும் 16,000, ஐயர் தட்சிணை, சாமான், தானம் 11,000, பங்காளி வீடுகளுக்கு எடுத்த துணி 24,000, போஸ்டரும் பிளெக்ஸும் 9,000. ஆக 1,38,000.

மொத்தம் 1,98,000-இல் அன்று ராத்திரி தேவைப்பட்டது 60,000தான். அதிலும் பந்தல்காரரும் சமையல்காரரும் உள்ளூர் ஆள்கள், ஒரு வாரம் பொறுத்திருப்பார்கள். உடனே கையில் எடுத்து வைக்க வேண்டியிருந்தது 30,000, 35,000 இருக்கலாம். உங்களிடமே 18,000 இருந்திருக்கிறது. பதினாறு நாள் கழித்து வரப்போகிற சாப்பாட்டுக்கு, அப்பா உடல் கூடத்தில் இருக்கும்போதே கடன் வாங்கியிருக்கிறீர்கள். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. சங்கத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் வாங்கினார்கள். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து "எவ்வளவு வேணும், இப்பவே தர்றேன்" என்பார். வட்டி எவ்வளவு என்று கேட்பதே அப்பாவுக்குச் செய்யும் அவமரியாதை போலத் தோன்றும். கருமாதிக்கான பேச்சை மூன்றாம் நாள் பால் தெளித்த பிறகு ஆரம்பித்திருந்தால்கூடப் பதின்மூன்று நாள் கையில் இருந்திருக்கும். தம்பி, தங்கை இரண்டு பேரும் அப்போது வீட்டில்தான் இருந்தார்கள்.

என் அம்மா இறந்தபோது என்னை இதிலிருந்து காப்பாற்றியவர் என் சித்தப்பா. நீர்மாலைக்குக் கிளம்பும்போதே சட்டைப் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்து, "கொள்ளி வைக்கிறவன் பணத்தைத் தொடக் கூடாது, எல்லாம் எங்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டார். அது சாஸ்திரமா, அவரே கட்டிய கதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பறைக்கு எத்தனை பேர், வேட்டு எத்தனை கட்டு என்று கேட்டு வந்தவர்கள் எல்லாம் அவரிடம் போனார்கள். அழுதுகொண்டிருந்த என்னிடம் கேட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருப்பேன்.

சரி, இப்போது இருக்கும் கடனுக்கு வருவோம்.

மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36. வங்கியிலோ உங்கள் ஊர்க் கூட்டுறவு சங்கத்திலோ நகைக்கடன் வருடத்துக்கு 9, 10 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இதே 5,400 ரூபாயை 10 சதவீத நகைக்கடனுக்கு மாதாமாதம் கட்டினால், முதல் மாதம் வட்டிக்கு 1,500 போக 3,900 அசலில் கழியும். அடுத்தடுத்த மாதம் வட்டி குறைந்து அசலில் இன்னும் கூடுதலாகக் கழியும். 39, 40 மாதத்தில் கடன் முடிந்துவிடும். ஊர்க்காரருக்கு அதே 39 மாதம் கட்டினால் 2,10,600 கொடுத்திருப்பீர்கள், அசல் 1,80,000 அப்படியே நிற்கும்.

நகையைத் தொட மனமில்லை என்பது புரிகிறது. ஆனால் அந்த நகை பீரோவில் சும்மா கிடக்கும் ஒவ்வொரு மாதமும் நீங்கள் 3,900 ரூபாயைக் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். விற்கச் சொல்லவில்லை, அடகு வைக்கத்தான் சொல்கிறேன். இன்றைய விலைக்கு 5 பவுனில் 1,80,000 தாராளமாகக் கிடைக்கும், முழு நகையும்கூட வேண்டியிருக்காது. ஒன்று மட்டும் கவனியுங்கள். அது உங்கள் மனைவியின் நகை, அவர் மனது வைத்துத் தர வேண்டும். கடனும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். உங்கள் அப்பா காரியத்துக்கு இந்த நகைதான் உதவியது என்று தம்பி, தங்கை முன்னால் சொல்லுங்கள். இப்படி வைத்த நகை மீட்கப்படாமலே போன வீடுகளில், வீட்டுக்காரி அதைப் பதினைந்து வருடம் கழித்தும் சொல்லிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை.

வைக்கும்போது நகை மதிப்பீட்டாளர் கல், மெழுகு எடை கழித்து எழுதும் நிகர எடையைச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பகுதி பகுதியாக அசல் கட்டலாமா என்று முதலிலேயே கேளுங்கள். பெரும்பாலும் வருடக் கடனாகத்தான் தருவார்கள், வருடம் முடிந்தால் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும். மாதத் தவணையாகக் கட்டும் நகைக்கடனும் சில வங்கிகளில் உண்டு, உங்களுக்கு அதுதான் தோது. வருட முடிவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், திருவிழாவோ பள்ளிக்கூடக் கட்டணமோ வந்து அந்தப் பணத்தைத் தின்றுவிடும். நகை ஏலத்துக்குப் போகும் கதை பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஊர்க்காரருக்கு அடைக்கும்போது வங்கிக் கணக்கு வழியாகப் பணத்தை அனுப்புங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டும், வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதுவும் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். "எங்கயோ வச்சிட்டேன், அப்புறம் தர்றேன்" என்றால், முழுத்தொகையும் வந்துவிட்டது என்று அவர் கையால் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்துடன் வாங்குங்கள். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, 36 சதவீதம் எல்லாம் சட்டம் ஒத்துக்கொள்ளும் வட்டி இல்லை. ஆனால் அதைச் சொல்லி மிரட்டப் போகாதீர்கள். அவர் ஊர்க்காரர், நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும். ஒரே தவணையில் முழு அசலையும் தருகிறேன், நடப்பு மாத வட்டியை விட்டுவிடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மிரட்டலோ தொந்தரவோ அவர் பக்கமிருந்து வந்தால் மட்டும் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

பெரிய லோனாகப் போட்டுத் திவசத்தையும் சேர்த்துச் செய்வது வேண்டாம். அடமானம் இல்லாத தனிநபர் கடனுக்கு நகைக்கடனைவிட வட்டி அதிகம், அதற்கு மேல் செயலாக்கக் கட்டணம் என்று ஒரு தொகையைப் பிடிப்பார்கள். அதைவிட முக்கியமான காரணம், கையில் 50,000 கூடுதலாக இருந்தால் திவசம் 50,000-க்கு வளர்ந்துவிடும். இரண்டையும் ஒரே கடனில் கலந்தால் எது கேதச் செலவு, எது திவசச் செலவு என்று தம்பிக்குக் காட்டவும் வழி இருக்காது.

இதற்கு நடுவில் ஒரு வேலை. அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய அட்டையோ, உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டையோ இருந்தால் ஈமச்சடங்குக்கும் இயற்கை மரணத்துக்கும் உதவித்தொகை உண்டு. முதலாவதற்குத் தொழிலாளர் நல அலுவலகம், இரண்டாவதற்கு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகம். ஐந்து மாதம் ஓடிவிட்டது, காலக்கெடுவைக் கேட்டு உடனே மனுக் கொடுங்கள். வங்கியிலும் அஞ்சலகத்திலும் அவர் பெயரில் கணக்கு இருந்தால், நியமனதாரர் இறப்புச் சான்றிதழோடு போனால் பணம் கிடைக்கும். அப்பாவின் ஏடிஎம் கார்டு வீட்டில் இருந்தால் அதைப் போட்டு எடுக்காதீர்கள், சின்னத் தொகையாக இருந்தாலும் பின்னால் வாரிசுகளுக்குள் சந்தேகத்தைக் கிளப்பும். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே, இறந்தவர் விட்டுப்போனதிலிருந்து அவர் தகுதிக்கேற்ற நியாயமான ஈமச்செலவை மற்ற கடன்களுக்கு முன்னால் எடுக்கச் சொல்கிறது. அப்பாவின் பணம் அப்பாவின் காரியத்துக்கு என்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. "நியாயமான" என்ற சொல்லுக்குள் உங்கள் வேட்டுக்கட்டு வருமா என்பது வேறு விஷயம்.

இனி தம்பி சொன்ன மொய். உங்கள் மொய் நோட்டில் 212 பெயர், மொத்தம் 62,000 ரூபாய். அதில் 35,000 அப்பாவுடைய ஆஸ்பத்திரி பாக்கிக்குப் போனது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் 27,000. நீங்கள் இதுவரை கட்டிய ஐந்து மாத வட்டி எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள், அதுவும் 27,000. சொந்தபந்தம் துக்கத்தில் வந்து எழுதிய பணம் அப்படியே வட்டிக்குப் போயிருக்கிறது. "மொய் வந்துச்சே" என்று தம்பி கேட்டால் இந்தக் கணக்கைக் காட்ட முடியும்.

ஆனால் அதோடு விடாதீர்கள். மொய்யில் இரண்டு வகை உண்டு. உங்கள் அப்பா உயிரோடு இருந்தபோது மற்றவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு எழுதியது இப்போது திரும்பி வந்திருந்தால், அது உண்மையான வரவு. இதுவரை கொடுக்கல் வாங்கல் இல்லாத ஆள் புதிதாக எழுதியிருந்தால், அது நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டியது, வட்டி இல்லாத கடன். அப்பாவின் பழைய மொய் நோட்டுகளை அம்மா வைத்திருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, திரும்பி வந்ததற்கு நேரே ஒரு டிக் போடுங்கள். டிக் இல்லாத பெயர்களை யார் திருப்பிச் செய்யப் போகிறார்கள் என்று பிரியுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களிலேயே ஐந்தாறு இடத்தில் "திருப்பூர்" என்று இருக்கிறது. அது தம்பியின் கம்பெனி ஆள்களாக இருக்க வேண்டும், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்தான் செய்ய வேண்டும். மீதிப் பெயர்கள் உங்கள் தலையில் விழும். மூத்தவன் வீட்டில் மொய் நோட்டு இருந்தால் திருப்பிச் செய்யும் பாரமும் அங்கேயே தங்கிவிடும், மற்றவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. தனியாக ஒரு தாளில் எழுதிக் காட்டினால்தான் தெரியும்.

பங்குக் கணக்கை நான் இப்படிப் போடுவேன். அடக்கமும் கருமாதியும் 1,98,000, ஆஸ்பத்திரி பாக்கி 35,000, ஆக 2,33,000. இதில் மொய் 62,000 கழிந்தால் 1,71,000. இதை மூன்றாகப் பிரித்து ஆளுக்கு 57,000 என்று போய்க் கேட்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிக் கேட்காதீர்கள். பங்காளி வீட்டுத் துணி 24,000, போஸ்டர் பிளெக்ஸ் 9,000 இரண்டும் நீங்கள் யாரையும் கேட்காமல் எடுத்த முடிவு என்று நோட்டைப் பார்த்தாலே தெரிகிறது, எல்லாம் உங்கள் கையெழுத்தில், ஒரே நாள் தேதியில் இருக்கிறது. அந்த 33,000 உங்களோடு நிற்கட்டும். வட்டிக்குப் போன 27,000-ஐயும் கேட்க வேண்டாம். ராத்திரி கடன் வாங்கியது உங்கள் முடிவு, புரோநோட்டில் கையெழுத்தும் உங்களுடையது மட்டும்தான். சட்டப்படி தம்பியையோ தங்கையையோ யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் மனம் ஒத்தால்தான் உண்டு, அதனால் அவர்களும் நியாயம் என்று ஒத்துக்கொள்ளும் தொகையோடு போக வேண்டும்.

1,71,000-இல் அந்த 33,000 போகப் பொதுச் செலவு 1,38,000 என்று ஆகிறது. தங்கையைப் பற்றி ஒரு விஷயம் உங்கள் செலவு நோட்டில் இல்லை, ஆனால் மொய் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "மாப்பிள்ளை வீடு, கோடி, உருமா, அரிசி, ஒரு வேளைச் சாப்பாடு". தொகை போடவில்லை. மகள் வீட்டுச் செய்முறைக்கு யாரும் தொகை போடுவதில்லை, அது கடமை என்று விட்டுவிடுவார்கள். உங்கள் ஊர்ப்பக்கம் இதெல்லாம் சேர்த்து 15,000-க்குக் குறையாது. தங்கையிடமே கேட்டு அந்தத் தொகையைப் பொதுச் செலவில் ஏற்றுங்கள். 15,000 என்றே வைத்துக்கொண்டால் மொத்தம் 1,53,000, ஆளுக்கு 51,000. தங்கை 15,000 கொடுத்தாயிற்று, மீதி 36,000. தம்பி 51,000. இரண்டும் சேர்ந்து 87,000.

தங்கையிடம் கேட்கலாமா என்கிறீர்கள். அப்பா சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் ஆகிவிட்டது, செலவில் மட்டும் அவளை விருந்தாளியாக வைப்பது அவளுக்கும் மரியாதை இல்லை. ஆனால் அவள் கையில் பணம் ஓடுகிற வீடா, மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்க வேண்டிய வீடா என்பது உங்களுக்குத்தான் தெரியும். முடியாது என்றால் ஒரு தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். குறைத்ததை நோட்டில் எழுத வேண்டாம், அது அண்ணன் தங்கைக்குள் இருக்கட்டும்.

87,000-ஐ ஒரே மொத்தமாக எதிர்பார்க்காதீர்கள். பனியன் கம்பெனி சம்பளத்தில் அது நடக்காது, கேட்டால் சண்டைதான் மிஞ்சும். தம்பி மாதம் 3,000, தங்கை மாதம் 2,000 நேரே அந்த நகைக்கடன் கணக்குக்கே அனுப்பட்டும். உங்கள் கைக்கு வர வேண்டாம். உங்கள் கைக்கு வந்தால் அது "அண்ணனுக்குக் கொடுத்த காசு" ஆகிவிடும், கடன் கணக்குக்குப் போனால் "அப்பா கணக்கில் கட்டிய காசு". நீங்கள் இப்போது கட்டும் 5,400-ஐ அப்படியே தொடர்ந்தால் மாதம் 10,400 விழும். சுமார் 20 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். தம்பி இடையில் இரண்டு மாதம் தவறினாலும் திட்டம் கவிழாது, உங்கள் 5,400 மட்டும் நிற்காமல் போக வேண்டும்.

தலைத்திவசத்துக்கு வருகிறேன். முதலில் ஐயரிடம் திதி பார்த்துத் தேதியை உறுதி செய்யுங்கள். திதி ஆங்கிலத் தேதிக்கு முன்பின்னாகத்தான் விழும், ஏழு மாதம் என்று நினைத்துக்கொண்டிருந்து ஆறரை மாதத்தில் வந்து நின்றால் கடைசி வாரத்தில் மறுபடி ஊர்க்காரர் வீட்டு வாசல்தான்.

அப்புறம், கருமாதிக்குச் செய்ததைத் தலைகீழாகச் செய்யுங்கள். அப்போது முதலில் ஆள் எண்ணிக்கை, பிறகு பணம். இப்போது முதலில் பணம். கடனுக்கு ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் மாதம் 1,000-க்கு மேல் கேட்க முடியாது. மூன்று வீடு, ஏழு மாதம், 21,000. இதற்குள் அடங்குவதுதான் திவசம். ஐயரும் சாமானும் 5,000, வாசலில் சின்னப் பந்தல் 2,500, இலைக்கு 130 என்றால் 80 இலை 10,400. ஆக 17,900. மீதி 3,100-இல் அம்மாவுக்கு ஒரு சேலை, டீ, பழம். 80 பேர் என்றால் யார் யார் என்று மூன்று பேரும் சேர்ந்து பெயர் எழுதுங்கள். 81-ஆவது பெயரை யார் சொல்கிறாரோ அவர் அந்த 130 ரூபாயைப் போடட்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை. என் தங்கை வீட்டில் இப்படித்தான் 150 பேராக இருந்த பட்டியல் 90-க்கு இறங்கியது.

சாப்பாட்டுக் கணக்கில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், அதனால் உங்கள் கருமாதி இலைக்கே ஒரு தடவை திரும்பிப் போகிறேன். 600 இலைக்குச் சமையல் சொன்னீர்கள். மொய் எழுதியவர்கள் 212 வீடு. வீட்டுக்கு இரண்டு பேர் வைத்தால் 424. மொய் எழுதாத பங்காளிகள், வேலை செய்தவர்கள், பிள்ளைகள் எல்லாம் சேர்த்தாலும் 500-ஐத் தாண்டியிருக்காது. 100 இலை, 13,000 ரூபாய், சாம்பார் வாளியில் மிஞ்சியிருக்கும். அன்று சாயங்காலம் யார் யாருக்கோ தூக்குவாளியில் கொடுத்தனுப்பியது நினைவிருக்கும். சமையல்காரர் கூட்டிச் சொல்லத்தான் சொல்வார், பந்தியில் குறைந்துவிட்டால் பேர் அவருக்குக் கெடும். பட்டியலை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அவரும் இறங்கி வருவார்.

துணி விஷயத்தில் ஒன்று. உங்கள் வீட்டுக்கு வந்த கோடிச் சேலையும் வேட்டியும் துண்டும் மூட்டையாக எங்காவது கிடக்கும். சில ஊர்களில் இப்போது ஊர்க்கூட்டத்திலேயே பேசி, கோடித் துணிக்குப் பதில் பணமாக எழுதுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள், நெருங்கிய முறைக்காரர் மட்டும் துணி போடுவார். உங்கள் பங்காளிகளுக்குள் பேச்செடுத்துப் பாருங்கள். ஆனால் உங்கள் வீட்டில் துக்கம் நடந்த இந்த வருடம் நீங்களே எடுத்தால் "காசு இல்லாமப் பேசுறான்" என்பார்கள். வயதில் மூத்த ஒருவர் வாயால் வருவது நல்லது.

திவசப் பணத்தை யார் வைத்திருப்பது? நீங்கள் வேண்டாம். தங்கை வைத்திருக்கட்டும். மூத்தவன் கையில் பணம் இருந்தால் வருகிறவர்கள் எல்லோரும் அவனிடம்தான் கேட்பார்கள், அவனுக்கும் இல்லை என்று சொல்ல வாய் வராது. ராஜபாளையத்தில் இருப்பவரிடம் போன் பண்ணிக் கேட்பதற்குள் பாதிச் செலவு தானாகவே நின்றுவிடும்.

கடைசியாக அம்மா. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், ஆனால் நீங்களே அவர் வயதை எழுதியிருக்கிறீர்கள். கடன் முடிந்த பிறகு, திவசத்துக்கு எடுத்து வைத்த அதே 1,000 ரூபாயை நிறுத்தாமல் ஆளுக்கு 500 ஆகக் குறைத்துத் தொடருங்கள். மூன்று வீடும் சேர்ந்து வருடத்துக்கு 18,000, நாலு வருடத்தில் 72,000. அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதலில், மற்றதுக்கு அப்புறம். அந்தக் கணக்கை அம்மா பெயரில் தொடங்காதீர்கள். கணக்குக்காரர் இறந்த தகவல் போனதும் அந்தக் கணக்கில் எடுக்க முடியாது, சான்றிதழும் மனுவும் கொடுத்துப் பணம் வர நாளாகும், பணம் தேவைப்படுவதோ அன்று சாயங்காலம். தம்பியும் தங்கையும் கூட்டாக, இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் தொடங்கட்டும். வட்டி நாலு காசு குறைந்தாலும் சேமிப்புக் கணக்கோ, நினைத்தபோது உடைக்கக்கூடிய வைப்போ போதும்.

அம்மாவிடம் இதை மறைக்க வேண்டாம். நேரே உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பதும் இல்லை. மூன்று பேரும் நோட்டுகளை விரித்துக் கணக்குப் பார்க்கும்போது அவரும் கூடத்திலேயே இருக்கட்டும். மொய் நோட்டில் டிக் போடுவதற்கு எப்படியும் அவர் வேண்டும், யார் எந்தக் கல்யாணத்துக்கு எவ்வளவு எழுதினார்கள் என்பது அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். பேச்சோடு பேச்சாக அவரே சொல்வார், "எனக்கெல்லாம் வேட்டு வேண்டாம்டா" என்றோ, "எனக்குத் தேர் கட்டித்தான் தூக்கணும்" என்றோ. எதைச் சொன்னாலும் தங்கை அதை எழுதிக்கொள்ளட்டும்.

அந்த உட்காரலை வருகிற ஞாயிற்றுக்கிழமையே வையுங்கள், தம்பி திருப்பூரிலிருந்து வரும்போது. கடன் பேச்சோடு ஆரம்பிக்காதீர்கள். முதலில் மொய் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, தங்கை வீட்டுச் செய்முறைக்கு நேரே அந்த 15,000-ஐ எழுதுங்கள். அடுத்து உங்கள் 33,000-ஐ நீங்களே அடியுங்கள். தம்பியின் 51,000 அதற்கப்புறம் வரட்டும்.